ஆறு விளம்பரம், ஒரே முடிவு: மூணு வார்த்தையும் மூணு தட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம், மொத்தமே நாலு நொடிதான். ஒரு விளம்பரத்தோட கடைசி நாலு நொடி.

எங்க ஏரியாவுல இட்லி, தோசை மாவு விக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. நம்ம பாட்காஸ்ட்ல ஆறு விளம்பரம் போடணும்னு கேட்டாங்க. ஒவ்வொண்ணும் 20 நொடி, வாரத்துக்கு ரெண்டு, மூணு வாரம். அவங்க ஒரு மாச லாபத்துல பெரிய பங்கு இதுக்குப் போகுது. அதனால வேலை சரியா வந்தே ஆகணும்.

அவங்க கையில ஆறு கதை ஏற்கெனவே இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு கிரைண்டர் நின்னுபோன வீடு. காலை ஆறு மணி ரயில்ல வந்து இறங்குற விருந்தாளி. ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நாலு பசங்க. பரீட்சை நாள் காலை. மழைக்காலத்துல பொங்காத மாவு. ஊறப்போட்டு வச்சப்புறம் கரன்ட் போன ராத்திரி. ஆறும் நல்ல கதைங்க, வாடிக்கையாளர்கள் அவங்ககிட்டயே சொன்னது. பிரச்சினை எங்கன்னா, ஆறும் ஆறு விதமா முடிஞ்சுது. ஒண்ணு "இன்றே வாங்குங்கள்", ஒண்ணு "சுவைத்துப் பாருங்கள்", இன்னொண்ணு போன் நம்பர். கேக்கறவருக்கு அது ஆறு கடையோட விளம்பரம். மூணு வாரம் காசு கட்டியும், ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து அறிமுகம் செஞ்சுக்கிற மாதிரிதான்.

கதை மாறலாம், கடைசி நாலு நொடி மாறக்கூடாது. மாறாத அந்தப் பகுதியில ரெண்டு சாமான் இருக்கு: ஒரு வாசகம், அதாவது டேக்லைன், அப்புறம் ஒரு சின்ன ஒலி முத்திரை. இந்த ரெண்டையும் தனித்தனியா செஞ்சு ஒட்டவைக்கிறதுதான் நிறைய பேர் செய்யற வழி. எனக்கு அது சரியாப் படல. வாசகத்தோட தாளத்துல இருந்தே ஒலியை எடுக்கணும். அதை எப்படிச் செஞ்சோம்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய ரேடியோ கதை. அமெரிக்காவுல மோட்டல் 6னு ஒரு மலிவு விலை தங்குமிடச் சங்கிலி. 1986-ல டல்லாஸ்ல இருந்த ரிச்சர்ட்ஸ் குரூப்ங்கிற ஏஜென்சி அவங்களுக்கு ரேடியோ விளம்பரம் செஞ்சுது. குரல், அலாஸ்காவுல இருந்த டாம் போடெட். பொது வானொலியில சின்னச் சின்னக் கட்டுரை படிச்சுட்டிருந்த எழுத்தாளர். ரெக்கார்டிங்ல ஸ்கிரிப்ட் முடிஞ்சும் சில நொடி மிச்சம் இருந்துது. அந்த இடத்தை நிரப்ப அவரே ஒரு வரியைச் சேர்த்தாரு: உங்களுக்காக விளக்கை அணைக்காம வச்சிருப்போம்னு பொருள் வர்ற வரி. அதுக்கப்புறம் பல வருஷம், நடுவுல பேச்சு மாறிக்கிட்டே இருந்துது. ஆனா அதே குரல், பின்னால அதே கிராமத்து ஃபிடில் இசை, கடைசியில அதே வரி.

எப்பவும் சொல்ற கதைதான். தற்செயலா வந்த வரி இவ்வளவு நாள் நின்னுதுன்னு ஆச்சரியப்படுவாங்க. எனக்குப் பிடிச்சது வேற. அந்த வரியில நீச்சல் குளம் இல்ல, பஞ்சு மெத்தை இல்ல. ஒரு மலிவு லாட்ஜ் எந்த ராத்திரியும் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் இருக்கு. விளக்கு எரியும். அதோட, வரிக்கு முன்னாடியே கடைப் பேரும் வந்துடும். பேர் இல்லாம வாசகம் மட்டும் மனசுல நின்னா, அந்த லாபம் யாருக்குப் போகும்னே தெரியாது.

இப்ப மாவுக்கு வருவோம். அக்கா முதல்ல எழுதிட்டு வந்தது "தரமான மாவு, நியாயமான விலை". இதை நாங்க ரெண்டு விதமாச் சோதிச்சோம். எதிர்க்கடைக்காரர் பேரை முன்னால போட்டு அதே வரியைப் படிச்சோம். ஒரு எழுத்துகூட மாத்தத் தேவையில்லை, அவருக்கும் கச்சிதமாப் பொருந்துது. அதோட அது போச்சு. அடுத்தது "ஊறப்போட வேண்டாம், ஆட்ட வேண்டாம்". இது நல்லாவே இருந்துது, மாவுக்கே உரிய வரி. ஆனா ரெண்டாவது சோதனையில விழுந்துது. அந்தச் சோதனை என்னன்னா, ஆறு கதைக்கும் கடைசியில வரியை வச்சு வாய்விட்டுப் படிக்கணும். கிரைண்டர் கதைக்குச் சரி. ரூம்ல தங்கியிருக்கிற பசங்களுக்கு? அவங்க என்னைக்குங்க உளுந்து ஊறப்போட்டாங்க? ரயில்ல வந்த விருந்தாளி கதையிலயும் அது ஒட்டல.

மூணாவதா அக்காவே பேச்சுவாக்குல சொன்ன ஒண்ணுதான் நின்னுது. "ராத்திரியே வாங்கி வச்சுட்டா காலையில கவலை இல்லல்ல?" அதை அப்படியே வெட்டினோம்: "காலையில கவலை இல்ல."

ஆறு கதையிலயும் உக்காந்துது. ஏன்னா ஆறும் மாவைப் பத்தின கதையே இல்ல, அடுத்த நாள் காலையைப் பத்தின கதை. இதே வரியை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியும் சொல்லலாமேன்னு நீங்க கேக்கலாம். சொல்லலாம்தான். ஆனா எங்க போட்டி இன்சூரன்ஸோட இல்ல, நாலு தெரு தள்ளி இருக்கிற மாவுக்கடையோட. அவரு ராத்திரி ஏழு மணிக்கே ஷட்டரை இறக்கிடுவாரு. அவரால இந்த வரியைச் சொல்ல முடியாது.

அங்கதான் இன்னொரு சிக்கலும் வந்துது. அக்கா கடையில சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் மாவு தீந்துடும். அப்ப ஒன்பது மணிக்கு வர்றவருக்கு இந்த வரி பொய். வரியை மாத்தறதா, கடையை மாத்தறதான்னு ஒரு நாள் பேச்சு ஓடுச்சு. கடைசியில அவங்க கடையைத்தான் மாத்துனாங்க: எட்டு மணிக்குள்ள போன்ல சொன்னவங்களுக்கு பாக்கெட்டைத் தனியா எடுத்து வைக்கிறது. இதைச் செய்ய முடியாதுன்னு அவங்க சொல்லியிருந்தா, வேற வரிதான் தேடியிருக்கணும்.

சரி, ஒலி. "காலையில கவலை இல்ல" இதை நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. மூணு இடத்துல அழுத்தம் விழும்: கா, க, இல். முதல் வார்த்தைக்கு நாலு எழுத்து, அதுவும் நெடில்ல ஆரம்பிக்குது. ரெண்டாவதுக்கு மூணு எழுத்து. கடைசி குட்டை. பள்ளிக்கூடத்துல மாத்திரை எண்ணுனது ஞாபகம் இருக்கா? அதேதான், அந்தக் கணக்கு இங்க உதவிக்கு வருது. முதல் ரெண்டு வார்த்தையும் 'கா', 'க'ன்னு மோனையில தொடங்குறதால அழுத்தம் தானாவே அங்க போய் விழுது.

அக்காவோட குரல்ல அதை ரெக்கார்டு பண்ணி, ஆடாசிட்டியில அலைவடிவத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். "காலையில" 0.55 நொடி, "கவலை" 0.45, "இல்ல" 0.4. மொத்தம் 1.4 நொடி. ஆக மூணு தட்டு எங்கெங்க விழணும்னு தெரிஞ்சுபோச்சு: 0-ல ஒண்ணு, 0.55-ல ஒண்ணு, 1.0-ல ஒண்ணு. கடைசித் தட்டு 0.8 நொடி ஓஞ்சு அடங்கட்டும். முத்திரையோட நீளம் 1.8 நொடி.

இடைவெளி சமமா இல்ல, கவனிச்சீங்களா? முதல் இடைவெளி கொஞ்சம் நீளம். அதைச் சரிசமமாக்கணும்னு கை பரபரக்கும், மென்பொருள்ல கட்டம் போட்டு ஒட்டவைக்கிற வசதி வேற இருக்கு. செய்யாதீங்க. சமமாக்கினா அது ஏதோ ஒரு காலிங் பெல். அந்தச் சின்னக் கோணல்தான் அந்த வரியோட நடை. வாசகத்தைச் சொல்லி முடிச்ச உடனே அதே நடையில மூணு தட்டு விழுந்தா, கேக்கறவர் மனசு தானாவே வார்த்தையை அதுமேல வச்சுக்கும்.

மூணுங்கிற எண்ணிக்கைக்கு இன்னொரு ஆதாரமும் இருக்கு. அமெரிக்காவோட என்பிசி வானொலியில நிகழ்ச்சி முடியறப்போ மணி அடிப்பாங்க. உள்ளூர் நிலையங்கள் தங்களோட அறிவிப்புக்கு மாறிக்கலாம்னு சொல்ற சிக்னல் அது. அலங்காரத்துக்காக வச்சது இல்ல. முதல்ல ஏழு சுரம் இருந்துது. அறிவிப்பாளர்கள் கையால தட்டுனதால வரிசை தப்பிச்சு. குறைச்சுக் குறைச்சு 1929-ல மூணுக்கு வந்தாங்க. அப்புறம் ஆளுக்கு ஆள் மாறக்கூடாதுன்னு தானா ஒலிக்கிற இயந்திரமே வச்சாங்க. 1950-ல அந்த மூணு சுரம் அமெரிக்காவுல ஒலி வணிக முத்திரையாப் பதிவும் ஆச்சு. மனுஷன் கையால தப்பில்லாமத் திரும்ப அடிக்க முடியறதுதான், கேக்கறவருக்கும் திரும்ப ஞாபகம் வரும்.

இப்ப எந்தச் சத்தத்தால தட்டறது? அக்காவுக்கு ஆசை, தோசைக்கல்லுல தண்ணி தெளிக்கிற அந்த "சுர்ர்". எல்லாருக்கும் நாக்கு ஊறும், நிஜம். ஆனா ரெண்டு காரணத்துக்காக வேண்டாம்னு சொன்னேன். சமையல் எண்ணெய்ல இருந்து மசாலாப் பொடி வரைக்கும் எல்லா விளம்பரத்துலயும் அந்தச் சத்தம் இருக்கு. ரெண்டாவது டெக்னிக்கல் காரணம். "சுர்ர்"க்குச் சுருதி கிடையாது, அது வெறும் இரைச்சல். ஆடியோவை அழுத்திச் சின்ன ஃபைலாக்கும்போது முதல்ல சிதையறது இந்த மாதிரி இரைச்சல்தான். வாட்ஸ்அப்ல நாலு பேர் கை மாறின பிறகு கேட்டா மழை பேயற மாதிரி இருக்கும். முதல் கதைக்கு உள்ள அதை வச்சுக்கிட்டோம், முத்திரையில இல்ல.

முத்திரைக்கு எவர்சில்வர் டம்ளர். காலையில ஸ்பூனால டம்ளரைத் தட்டற சத்தம் எல்லா வீட்லயும் உண்டு, அதோட அதுக்கு ஓரளவு தெளிவான சுருதியும் இருக்கு. நாலஞ்சு டம்ளரைத் தட்டிப் பார்த்து, 800 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கிற ஒண்ணை எடுத்தோம். உள்ள தண்ணி ஊத்தினா சுருதி இறங்கும், ஜலதரங்கத்துல செய்யறாங்களே, அதே வித்தைதான். ஒரே ஒரு தட்டை மட்டும் நல்லாப் பதிவு பண்ணிக்கிட்டு, மிச்சத்தை ஆடாசிட்டியோட Change Pitch வழியா செஞ்சேன். அப்பதான் மூணும் ஒரே டம்ளர் மாதிரி கேக்கும்.

மெட்டு: ச, ப, ச. நடு சுரம் மட்டும் ஏழு செமிடோன் மேல, அதாவது 800-ல இருந்து கிட்டத்தட்ட 1200 ஹெர்ட்ஸ். "கவலை"யில ஏறி "இல்ல"ங்கறப்போ பழைய இடத்துக்கு வந்து உக்காருது. ச-வுல முடிஞ்சா காதுக்கு முடிஞ்ச உணர்வு வரும். ப-வுல விட்டுட்டா ஏதோ கேள்வி கேட்டு நிறுத்தின மாதிரி இருக்கும். கவலை இல்லைன்னு சொல்ற கடைக்கு அது சரிவராது.

ஏன் 800-ஐத் தேடினோம்? பெரும்பாலானவங்க இதைக் கேக்கறது போனோட சின்ன ஸ்பீக்கர்ல, பக்கத்துல மிக்ஸி ஓடும். அந்த ஸ்பீக்கர்ல கீழ்ச்சுருதி வரவே வராது. ஸ்டூடியோ ஹெட்போன்ல "தூம்"னு அதிர்ற பாஸ் சத்தம் அங்க வெறும் "டொக்". இதைக் கண்டுபிடிக்க ஒரு கச்சாவான சோதனை இருக்கு. கீழயும் மேலயும் வெட்டிட்டுக் கேளுங்க:

```
ffmpeg -i sig_v1.wav -af "highpass=f=400,lowpass=f=6000" phone_test.wav
```

இதுக்கப்புறமும் மூணு தட்டும் தனித்தனியா, சுருதி புரியற மாதிரி கேட்டா பரவாயில்லை. அப்புறம் நிஜ போன்லயும் கேட்டுடுங்க, அதுக்கு ஈடு இல்ல.

20 நொடியை எப்படிப் பங்கு போட்டோம்னா, கடைசியில இருந்து பின்னோக்கி. முத்திரைக்கு 1.8. அதுக்கு முன்னாடி 0.2 மௌனம். வாசகம் 1.4. கடைப் பேர் 0.8. அதுக்கும் முன்னாடி 0.4 மௌனம். கூட்டினா 4.6, ஆக கதைக்கு 15.4 நொடி. தமிழ்ல அந்த நேரத்துக்கு 30 வார்த்தைக்கு மேல போனா படிக்கறவருக்கு மூச்சு முட்டும். கதையை முதல்ல எழுதிட்டு மிச்சத்துல முத்திரையைத் திணிச்சா, ஒவ்வொரு விளம்பரத்துலயும் அது ஒவ்வொரு வேகத்துல வரும். அப்படி வந்தா அதை முத்திரைன்னே சொல்ல முடியாது.

போன் நம்பரையும் கடைசியில வைக்கலாமான்னு அக்கா கேட்டாங்க. பத்து எண்ணைச் சொல்லவே நாலு நொடி ஆகும், காதால கேட்டு யாரும் எழுதிக்கிறதும் இல்ல. எபிசோட் குறிப்புல போட்டுட்டோம்.

கோடு எழுதறவங்களுக்குத் தெரியும், ஒரே வரியை ஆறு இடத்துல காப்பி பண்ணி வைக்கிறது வம்பு. அதனால கடைப் பேர், வாசகம், டம்ளர் எல்லாம் சேர்ந்த 4.6 நொடியை மௌனங்களோட சேர்த்து ஒரே ஃபைலாக்கி வச்சுட்டேன். கதைங்க தனி ஃபைல். ஒட்டறது இப்படி:

```
for f in ad*.wav; do
  ffmpeg -i "$f" -i tail_v1.wav \
    -filter_complex "[0:a][1:a]concat=n=2:v=0:a=1" "out_$f"
done
```

இதுல ஒரு இடம் காட்டிக்கொடுக்கும். கதையை ஃபேன் ஓடற அறையில பேசியிருப்பீங்க, வாசகம் வேற நாள் வேற அறையில. ஒட்டற இடத்துல ஃபேன் சத்தம் "டப்"னு காணாமப் போகும். ஸ்பீக்கர்ல தெரியாது, ஹெட்போன்ல பளிச்சுன்னு தெரியும். கதையோட கடைசி 0.1 நொடியை மெதுவா இறக்கி விட்டா அந்த 0.4 மௌனம் இயல்பா ஆயிடும். ஆறு கதையையும் ஒரே உக்காருதல்ல பேசிட்டா இன்னும் உத்தமம்.

சத்தத்தோட அளவு இன்னொரு தொல்லை. டம்ளர் தட்டோட உச்சம் கூர்மையா ஒரு கணம் மட்டும் மேல போகும், மிச்சம் எல்லாம் மெல்லிசு. பேச்சோட உச்சத்துக்கும் இதோட உச்சத்துக்கும் மீட்டர்ல ஒரே எண்ணைக் கொண்டுவந்தா, காதுக்கு டம்ளர் சன்னமாத்தான் கேக்கும். அப்படியே ஏத்தினா உச்சி வெட்டுப்பட்டு கரகரக்கும். முதல்ல அந்த உச்சியை லிமிட்டர் போட்டுக் கொஞ்சம் தணிச்சுட்டு, அப்புறம் ஏத்துங்க. எந்த அளவு சரின்னு முடிவு பண்ணும்போது வால்யூமைக் குறைச்சு வச்சுக் கேளுங்க. பேச்சு அரைகுறையாப் புரியற அளவுல டம்ளரும் அதே மாதிரி கேட்டா போதும்.

வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? "நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, நம்ம ஊர்ல யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. விளம்பரத்தை ரெண்டு மூணு தடவை கேட்டவங்ககிட்ட, சில நாள் கழிச்சு டம்ளர் தட்டை மட்டும் போட்டு "இது எதோட சத்தம்?"னு கேளுங்க. மாவுன்னோ, கடைப் பேரோ, வாசகமோ எது வந்தாலும் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். "போன்ல மெசேஜ் வந்த மாதிரி இருக்கு"ன்னு ரெண்டு பேர் சொன்னா சத்தத்தை மாத்தணும். அதுவும் முதல் விளம்பரம் போறதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்க, நண்பர்கள்கிட்ட இதை முடிச்சுடணும், தொடர் ஓட ஆரம்பிச்சப்புறம் இல்ல.

இதுக்கு ஒரு எல்லை உண்டு. ஒரே ஆளு திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் இந்த வேலையெல்லாம் பலிக்கும். கண்காட்சியில ஒரே நாள் ஸ்பீக்கர்ல ஓடற விளம்பரத்துக்கு மூணு தட்டு வீண். அந்த ரெண்டு நொடியில கடைப் பேரை இன்னொரு தடவை சொல்லிடலாம். எங்களுக்கு மூணு வாரம், ஒரே கேட்பவர்கள், அதனால செஞ்சோம். சினிமா பாட்டுல இருந்து ரெண்டு நொடி எடுத்துக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: கூடாது. இத்தனை நொடி வரைக்கும் இலவசம்னு ஒரு விதி இருக்கறதா பலர் நம்பறாங்க, அப்படி ஒண்ணும் கிடையாது.

மூணாவது விளம்பரம் போறதுக்குள்ள அக்காவுக்கு சலிச்சுப்போச்சு. "பொங்கல் வருது தம்பி, நாதஸ்வரம் போட்டு 'பொங்கலோ பொங்கல்'னு முடிக்கலாமா?" செய்யறவங்களுக்கு எப்பவும் முன்கூட்டியே சலிக்கும். அவங்க எடிட்டிங்ல அறுபது தடவை கேட்டிருப்பாங்க, வாடிக்கையாளர் ரெண்டே தடவைதான் கேட்டிருப்பாரு. ஆனா கேள்வி நியாயமானது, ஏன்னா முத்திரையில எதை மாத்தலாம்னு ஒரு பதில் வேணும். 2002-ல ஏ.ஆர். ரஹ்மான் ஏர்டெல்லுக்குப் போட்ட மெட்டை எடுத்துக்கங்க. அதே மெட்டு வேற வேற வாத்தியத்துல, வேற வேற வேகத்துல வந்துது, ரிங்டோனாவும் வந்துது. சுர வரிசை அப்படியே இருந்ததால வாத்தியம் மாறியும் அடையாளம் போகல. ஆனா அது முதல்ல ஒரே வடிவத்துல மக்கள் காதுல நல்லா ஏறின பிறகுதான்.

அதனால அக்காகிட்ட சொன்னது இது: இந்த ஆறு விளம்பரத்துக்கும் டம்ளரைத் தொட வேண்டாம். அடுத்த வருஷப் பொங்கலுக்கு அதே 0, 0.55, 1.0 இடைவெளியில, அதே ச-ப-ச-வை நாதஸ்வரத்துல வாசிக்கச் சொல்லலாம். வாசகம் அப்பவும் அதேதான். "அப்ப அடுத்த வருஷமும் நீங்கதான் செய்யணும்"னாங்க. ஃபைல் பேரை `tail_v2.wav`ன்னு எழுதி இப்பவே ஒதுக்கி வச்சிருக்கேன்.

அடுத்த எபிசோட்ல, அந்த 15.4 நொடிக்குள்ள ஒரு கதையை எப்படி அடக்கறதுன்னு மழைக்கால மாவு விளம்பரத்தை எடுத்து வரி வரியாப் பார்ப்போம். வர்றேங்க.